கைப்பேசியில் எடுத்த சான்றிதழ்: தளம் ஏற்றால் மட்டும் போதாது, அதிகாரியால் படிக்கவும் முடிய வேண்டும்

கல்லூரி இடம், உதவித்தொகை, வேலை, அரசு உதவி என எதற்கு விண்ணப்பித்தாலும் இப்போது சான்றிதழை இணையத்தில்தான் பதிவேற்றச் சொல்கிறார்கள். எல்லார் வீட்டிலும் ஸ்கேன் இயந்திரம் இருப்பதில்லை. தோட்டத்தில் இருப்பவர்களுக்குப் போட்டோஸ்டாட் கடைக்குப் போக வேண்டுமென்றாலே பட்டணத்துக்குப் பேருந்து ஏற வேண்டும். அதனால் பெரும்பாலோர் கையிலிருக்கும் கைப்பேசியிலேயே படம் எடுத்து அனுப்பிவிடுகிறார்கள். அதில் தவறொன்றும் இல்லை. இன்றைய சாதாரணக் கைப்பேசியின் கேமரா ஓர் ஏ4 தாளை அலுவலகத் தரத்தில் பதிவு செய்யப் போதுமானது. படம் எடுத்த பிறகு அதை நேராக்கி, தெளிவாக்கி, சிறிதாக்கும் வழியில்தான் பலருக்குச் சறுக்குகிறது.

பதிவேற்றத் தளம் உங்கள் கோப்பில் இரண்டை மட்டும் சோதிக்கும். கோப்பு பி.டி.எஃப். வகையா, அனுமதித்த அளவுக்குள் இருக்கிறதா என்பவையே அவை. இரண்டும் சரியாக இருந்தால் பச்சை நிறத்தில் ஒரு குறி தோன்றும். அதைப் பார்த்ததும் வேலை முடிந்துவிட்டது என்று நினைத்துவிடுகிறோம். ஆனால் அந்தக் கோப்பைச் சில நாள்களோ வாரங்களோ கழித்து ஓர் அதிகாரி திறந்து, பெயரையும் அடையாள அட்டை எண்ணையும் தேர்ச்சியையும் ஒப்பிட்டுப் பார்ப்பார். அவரால் படிக்க முடியாவிட்டால் விண்ணப்பம் திரும்பும். அதற்குள் விண்ணப்ப நாள் முடிந்திருந்தால் திருத்தி அனுப்பவும் வழி இருக்காது. ஆகவே கோப்பு சிறிதாக இருப்பதோடு, அதில் உள்ள மிகச் சிறிய எழுத்தும் படிக்கக் கூடியதாக இருக்க வேண்டும்.

எழுத்து எங்கே தொலைகிறது?

ஓர் எடுத்துக்காட்டைத் தொடக்கம் முதல் முடிவு வரை பார்ப்போம். சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் இருக்கும் மாணவி, தமது எஸ்.பி.எம். சான்றிதழைப் பதிவேற்ற வேண்டும். தளம் கேட்பது 500 கிலோபைட்டுக்கு மேற்படாத பி.டி.எஃப். கோப்பு. இரவில், குழல் விளக்கின் கீழ், வெள்ளை ஓடு பதித்த தரையில் சான்றிதழை வைத்துப் படம் எடுக்கிறார். தமது நிழல் விழாமல் இருக்கச் சற்றுத் தள்ளி நின்று எடுப்பதால், சான்றிதழ் படத்தின் பாதி உயரத்தை மட்டும் பிடிக்கிறது. மீதி எல்லாம் தரை. அந்தப் படத்தை ஈப்போவில் வேலை செய்யும் அண்ணனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார். அண்ணன் அதை பி.டி.எஃப். ஆக்கிப் பதிவேற்றுகிறார். கோப்பு 180 கிலோபைட்தான். தளம் உடனே ஏற்றுக்கொள்கிறது. ஆனால் அடையாள அட்டை எண்ணில் 3 எது, 8 எது என்று யாராலும் சொல்ல முடியாது.

என்ன நடந்தது என்பதைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 12 மெகாபிக்சல் கேமரா எடுக்கும் படத்தில் நீளவாட்டில் ஏறத்தாழ 4000 புள்ளிகள் இருக்கும். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அது பெரும்பாலும் 1600 புள்ளிகள் அளவுக்குச் சுருக்கப்பட்டுவிடும். சான்றிதழ் படத்தில் பாதிதான் என்பதால் அதற்குக் கிடைத்தது 800 புள்ளிகள். ஏ4 தாளின் நீளம் 297 மில்லிமீட்டர், அதாவது 11.7 அங்குலம். அப்படியானால் ஓர் அங்குலத்துக்கு 68 புள்ளிகள். சான்றிதழில் 2 மில்லிமீட்டர் உயரத்தில் அச்சாகியிருக்கும் ஓர் இலக்கம் இப்போது ஐந்தே ஐந்து புள்ளிகளில் அடங்கியாக வேண்டும். ஐந்து புள்ளி உயரத்தில் 3-இன் இடப்பக்கத் திறப்பைக் காட்ட இடமில்லை. அது மூடிக்கொண்டு 8 போல ஆகிவிடுகிறது.

நம் அடையாள அட்டை எண்ணின் முதல் ஆறு இலக்கங்கள் பிறந்த ஆண்டு, மாதம், நாள். அடுத்த இரண்டு பிறந்த மாநிலத்தைக் குறிப்பவை. இவை மங்கலாக இருந்தாலும் ஓர் அதிகாரி ஓரளவு ஊகித்துவிடுவார். கடைசி நான்கு இலக்கங்களை ஊகிக்க வழியே இல்லை. ஒருவரை இன்னொருவரிடமிருந்து பிரித்துக் காட்டுவதும் அந்த நான்குதான்.

தொலைந்த புள்ளிகளைப் பிறகு எந்தச் செயலியாலும் மீட்க முடியாது. படத்தைப் பெரிதாக்கினால் மங்கலும் சேர்ந்து பெரிதாகும். அதனால் மாணவி மீண்டும் முதலிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

வெளிச்சமும் தரையும்

சான்றிதழைப் படம் எடுக்க ஏற்ற நேரம் பகல். ஏற்ற இடம் வீட்டு அஞ்சடி அல்லது சன்னலோரம். நேரடி வெயில் வேண்டாம். வெயில் பட்டால் தாளின் ஒரு பாகம் வெளுத்துப் போகும், உங்கள் கையின் நிழலும் கறுப்பாக விழும். நிழலான இடத்தில் பக்கவாட்டிலிருந்து வரும் பகல் வெளிச்சம் தாள் முழுவதும் சீராகப் பரவும். கைப்பேசியின் ஃபிளாஷை அணைத்துவிடுங்கள். அது நடுவில் ஒரு வெள்ளை வட்டத்தை உண்டாக்கி, அங்கிருக்கும் எழுத்தை அழித்துவிடும்.

பிளாஸ்டிக் உறையிட்டு ஒட்டிய சான்றிதழ் என்றால் இது இன்னும் முக்கியம். நம் வீடுகளில் பிறப்புப் பத்திரத்தைப் பாதுகாக்க வேண்டும் என்று பெரியவர்கள் லேமினேட் செய்து வைத்திருப்பார்கள். அதன் மேல் விளக்கு வெளிச்சம் கண்ணாடியில் படுவதுபோலத் தெறிக்கும். தலைக்கு மேலுள்ள விளக்கை அணைத்துவிட்டு, சன்னல் உங்கள் இடப்பக்கமோ வலப்பக்கமோ இருக்குமாறு நில்லுங்கள். கைப்பேசித் திரையில் பார்க்கும்போது பளபளப்பு தெரிந்தால், பத்திரத்தை மேசையிலேயே கொஞ்சம் கொஞ்சமாகச் சுழற்றுங்கள். ஏதாவது ஒரு கோணத்தில் அது மறைந்துவிடும். உறையைக் கிழித்து எடுக்க முயலவே கூடாது. உறையோடு மையும் தாளும் உரிந்து வந்துவிடும்.

மடித்து வைத்திருந்த பத்திரத்தை ஒரு தடித்த புத்தகத்துக்குள் இரவு முழுவதும் வைத்திருங்கள். மடிப்பு மேடாக இருந்தால் அதன் ஒரு பக்கத்தில் நிழல்கோடு விழும். அந்தக் கோடு எழுத்தின் மேல் போனால் பிறகு நீக்குவது கடினம்.

கீழே வைக்கும் பரப்பு கருமையாக இருக்கட்டும். மரமேசை, கறுப்புத் துணி, பள்ளிப் பையின் பின்பக்கம், எதுவானாலும் சரி. ஸ்கேன் செயலி தாளின் விளிம்பை நிற வேறுபாட்டை வைத்தே கண்டுபிடிக்கிறது. வெள்ளைத் தாளை வெள்ளை ஓட்டின் மேல் வைத்தால் விளிம்பு எது, ஓட்டின் இடைக்கோடு எது என்று அது குழம்பிவிடும்.

நான்கு மூலைகள்

சாதாரணக் கேமராவில் படம் எடுப்பதைவிட, கைப்பேசியிலேயே உள்ள ஸ்கேன் வசதியைப் பயன்படுத்துவது நல்லது. ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் பெரும்பாலும் கூகுள் டிரைவ் செயலி ஏற்கெனவே இருக்கும். அதைத் திறந்தால் கீழே வலப்பக்கம் கேமரா படம் தெரியும். அதைத் தட்டினால் ஸ்கேன் தொடங்கும். ஐபோனில் Files செயலியைத் திறந்து, மூன்று புள்ளிகளைத் தட்டி, Scan Documents என்பதைத் தேர்ந்தெடுக்கலாம். இரண்டுமே நேரடியாக பி.டி.எஃப். கோப்பாகச் சேமித்துத் தரும். தனியாக எதையும் பதிவிறக்கவோ பணம் கட்டவோ தேவையில்லை.

கைப்பேசியைச் சான்றிதழுக்கு நேர் மேலே, தரைக்கு இணையாகப் பிடியுங்கள். சாய்த்துப் பிடித்தால் உங்களுக்கு அருகிலுள்ள விளிம்பு நீளமாகவும் தூரத்து விளிம்பு குட்டையாகவும் விழும். தாள் முறம்போல ஒரு பக்கம் அகன்று தெரியும். சான்றிதழ் திரையின் உயரத்தில் பத்தில் எட்டு ஒன்பது பங்கை நிரப்ப வேண்டும், ஆனால் நான்கு பக்கமும் கொஞ்சம் கரும்பரப்பு தெரிய வேண்டும். நான்கு மூலைகளும் தெரிந்தால்தான் முழுத் தாளையும் எடுத்திருக்கிறீர்கள் என்பது அதிகாரிக்குப் புரியும். அகலக் கோணம் காட்டும் 0.5x வேண்டாம், 1x-இலேயே எடுங்கள். அகலக் கோணம் தாளின் விளிம்புகளை வளைத்துவிடும்.

செயலி தானாகவே படம் எடுத்துக்கொள்ளும் வசதி இருந்தாலும், கையால் எடுப்பதே பாதுகாப்பு. கை நிலையான பிறகு நாமே பொத்தானை அழுத்தலாம். எடுத்ததும் செயலி தாளைச் சுற்றி ஒரு கட்டம் போட்டுக் காட்டும். அதன் நான்கு மூலைகளிலும் சிறு வட்டங்கள் இருக்கும். பலரும் இதைக் கவனிக்காமல் அடுத்ததைத் தட்டிவிடுகிறார்கள். ஒவ்வொரு வட்டத்தையும் விரலால் இழுத்து, தாளின் உண்மையான மூலையில் வையுங்கள். செயலி அந்த நான்கு புள்ளிகளையும் ஒரு செவ்வகமாக இழுத்து விரிக்கும். கோணலாக எடுத்த படமும் இங்கே நேராகிவிடும். ஒரு மூலை தவறினாலும் தாள் முழுவதும் சாய்ந்து போகும். சான்றிதழின் சட்டக்கோட்டைப் பாருங்கள். அது திரையின் ஓரத்துக்கு இணையாக இருந்தால் மூலைகள் சரியாக அமைந்துவிட்டன என்று பொருள்.

சான்றிதழின் பின்பக்கத்தில் எழுத்தோ முத்திரையோ இருந்தால், சேமிக்கும் முன் அதையும் இரண்டாம் பக்கமாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். தனித்தனிக் கோப்புகளாக எடுத்துப் பிறகு ஒட்ட முயல்வது வீண் வேலை.

கறுப்பு வெள்ளையா, சாம்பலா, வண்ணமா?

நேராக்கிய பிறகு செயலி சில வண்ண வகைகளைத் தரும். ஐபோனில் இவை Color, Grayscale, Black & White, Photo என்று இருக்கும். மற்றச் செயலிகளிலும் ஏறத்தாழ இதே பெயர்கள்தாம். பலரும் கறுப்பு வெள்ளையைத் தேர்ந்தெடுப்பார்கள். தாள் பளிச்சென்று வெண்மையாகத் தெரியும், கோப்பும் சிறியதாக வரும். சான்றிதழுக்கு அது பொருந்தாது.

கறுப்பு வெள்ளை வகையில் ஒவ்வொரு புள்ளியும் ஒன்று முழுக் கறுப்பு, அல்லது முழு வெள்ளை. நடுவில் எதுவும் கிடையாது. ஓர் எல்லையை வைத்து, அதைவிட வெளிறியதை எல்லாம் செயலி வெள்ளையாக்கிவிடும். சான்றிதழின் வெளிறிய நீல முத்திரை, அதிகாரியின் ஊதா மைக் கையெழுத்து, பழைய பத்திரத்தில் மங்கிப்போன தட்டச்சு எழுத்து ஆகியவை அந்த எல்லைக்கு அப்பால் போய்க் காணாமல் போகும். மறுபக்கம், போலி தயாரிப்பதைத் தடுக்கச் சான்றிதழ்த் தாளில் அச்சிட்டிருக்கும் மெல்லிய கோலம் சில இடங்களில் எல்லைக்கு உள்ளே வந்து, கரும்புள்ளிகளாக எழுத்தின் மேல் தூவினாற்போல் விழும். முத்திரை இல்லாத சான்றிதழாக அது அதிகாரியின் கண்ணுக்குத் தெரியும்.

சாம்பல் நிறம் இந்த இரண்டு சிக்கலையும் தவிர்க்கும். வெளிறிய மை வெளிறிய சாம்பலாகவே நிற்கும். அச்சிட்ட எழுத்துகள் மட்டுமே முக்கியம் என்றால் Grayscale போதும். ஆனால் மூன்று இடங்களில் வண்ணமாகவே வைத்துக்கொள்ளுங்கள். விண்ணப்பக் குறிப்பில் வண்ண நகல் என்று கேட்டிருந்தால், பத்திரத்தில் கையால் எழுதிய மை மங்கியிருந்தால், தலைமையாசிரியரோ பெங்குலுவோ உண்மை நகல் என்று சாப்பு குத்திக் கையெழுத்திட்டிருந்தால் வண்ணம் வேண்டும். கையெழுத்துப் பேனாவால் போட்டதா, போட்டோஸ்டாட்டில் வந்ததா என்பதை மையின் நிறத்தைக் கொண்டுதான் பலரும் கண்டுகொள்கிறார்கள்.

சில செயலிகளில் Clean என்றொரு வசதியும் இருக்கும். கறையையும் தாளின் ஓரத்தில் விழுந்த விரலையும் அழிப்பதற்காக அது. சான்றிதழில் அதைத் தொடாமல் இருப்பதே நல்லது. தேநீர்க் கறைக்கும் மங்கிய முத்திரைக்கும் வேறுபாடு தெரியாமல் அது முத்திரையையும் துடைத்துவிடக்கூடும். நிழலைக் குறைப்பது, நேராக்குவது, வெளிச்சத்தைக் கூட்டுவது ஆகிய மூன்றும் தாளில் உள்ளதைத் தெளிவாகக் காட்டும் வேலை. அழிந்த எழுத்தின் மேல் எழுதுவது, மங்கிய எண்ணைத் திருத்திப் போடுவது, கறையை வெள்ளை பூசி மறைப்பது ஆகியவை ஆவணத்தை மாற்றும் வேலை. நல்லெண்ணத்தோடு செய்தாலும் அது போலி ஆவணம் என்ற சந்தேகத்துக்கு இடம் கொடுக்கும். மூலப் பத்திரத்திலேயே எழுத்து அழிந்திருந்தால் ஸ்கேன் செய்து பயனில்லை. பிறப்புப் பத்திரம் என்றால் தேசியப் பதிவிலாகாவில் புதிய நகலுக்கு விண்ணப்பிப்பதே வழி.

அளவைக் குறைப்பது

இப்போது நம் மாணவியிடம் வருவோம். இரண்டாம் முறை, காலை பத்து மணிக்கு அஞ்சடியில், மரமேசையின் மேல் சான்றிதழை வைத்து ஸ்கேன் செய்கிறார். தாள் திரையின் நீளத்தில் 85 விழுக்காட்டை நிரப்புகிறது. அதாவது 3400 புள்ளிகள், ஓர் அங்குலத்துக்கு ஏறத்தாழ 290. அதே 2 மில்லிமீட்டர் இலக்கத்துக்கு இப்போது 23 புள்ளிகள். 3-உம் 8-உம் தெளிவாக வேறுபடுகின்றன. சாம்பல் நிறத்தில் சேமித்தால் கோப்பு 1.6 மெகாபைட், அதாவது ஏறத்தாழ 1600 கிலோபைட். தளம் கேட்பதோ 500.

அளவைக் குறைக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று புள்ளிகளின் எண்ணிக்கையைக் குறைப்பது, மற்றது ஒவ்வொரு புள்ளியையும் எவ்வளவு துல்லியமாகச் சேமிப்பது என்ற தரத்தைக் குறைப்பது. புள்ளிகளை முதலில் குறையுங்கள், தரத்தைப் பிறகு தொடுங்கள். நீளத்திலும் அகலத்திலும் புள்ளிகளைப் பாதியாக்கினால் மொத்தம் கால்பங்காகிவிடும் என்பதால், கோப்பு விரைவாகச் சுருங்கும். 290-ஐ 150 ஆக்கினால் ஏறத்தாழ கால்பங்குதான் மிஞ்சும். 1600 கிலோபைட் 430 அளவுக்கு வந்துவிடும். இலக்கத்தின் உயரம் 12 புள்ளிகள். கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும் அளவு அது. ஆனால் 150-க்குக் கீழே போகாதீர்கள். சிறிய எழுத்து அங்கிருந்துதான் ஒன்றோடொன்று ஒட்டத் தொடங்கும்.

இந்த வேலையைக் கணினியில் செய்வது எளிது. பள்ளிக் கணினி அறையிலோ சொந்தக்காரர் வீட்டிலோ லிப்ரே ஆஃபீஸ் என்ற இலவச மென்பொருள் இருந்தால் போதும். ஸ்கேன் செய்த பி.டி.எஃப். கோப்பை அதில் திறங்கள். File பட்டியலில் Export As என்பதில் Export as PDF என்பதைத் தட்டுங்கள். ஒரு பெட்டி திறக்கும். அதில் JPEG compression என்பதைத் தேர்ந்தெடுத்து, Quality 75 என்று போடுங்கள். கீழே Reduce image resolution என்பதைக் குறியிட்டு 150 DPI என்று வையுங்கள். பிறகு Export. புதிய கோப்புக்கு வேறு பெயர் கொடுங்கள், மூலக்கோப்பு அப்படியே இருக்கட்டும்.

கோப்பு சுருங்கவே இல்லை என்றால், ஸ்கேன் செயலி பக்கத்தை ஏ4-ஐவிடப் பெரிய அளவில் அமைத்திருக்கலாம். பக்கம் பெரிதானால், ஓர் அங்குலத்துக்கான புள்ளிகள் ஏற்கெனவே 150-க்குள் இருப்பதாக மென்பொருள் கணக்கிட்டு, எதையும் குறைக்காது. அப்போது ஏ4 அளவில் ஒரு வெற்றுப் பக்கம் தொடங்கி, சான்றிதழின் படத்தை அதில் சேர்த்து, பக்கத்துக்குள் அடங்கும்படி வைத்து, மீண்டும் அதே முறையில் ஏற்றுமதி செய்யுங்கள்.

வண்ணச் சான்றிதழாக இருந்து, 150-லும் 500-ஐத் தாண்டினால், அப்போதுதான் தரத்தில் கை வைக்க வேண்டும். Quality 75-ஐ 60 ஆக்கிப் பாருங்கள், தேவைப்பட்டால் 50. ஒவ்வொரு முறையும் மூலக்கோப்பிலிருந்தே தொடங்குங்கள். சுருக்கிய கோப்பையே மீண்டும் மீண்டும் சுருக்கினால், நகலின் நகலைப் போட்டோஸ்டாட் எடுத்ததுபோல ஒவ்வொரு முறையும் எழுத்து இன்னும் கொஞ்சம் கெடும். தரம் அளவுக்கு மீறிக் குறைந்ததைக் கண்டுபிடிப்பது எளிது. எழுத்துகளைச் சுற்றி அழுக்குப் படிந்ததுபோல் சிறு சதுரங்கள் தோன்றும். அவை தோன்றினால் ஒரு படி பின்னால் போய்விடுங்கள்.

பி.டி.எஃப். கோப்பைச் சுருக்கித் தரும் இணையத் தளங்கள் நிறைய இருக்கின்றன. அடையாள அட்டை எண், பெற்றோர் பெயர், பிறந்த இடம் எல்லாம் உள்ள பத்திரத்தை முன்பின் தெரியாத தளத்துக்கு அனுப்புவது, அதை யாரிடமோ கொடுத்து வைப்பதற்குச் சமம். சொந்தக் கைப்பேசியிலும் கணினியிலும் செய்ய முடிந்த வேலையை அங்கே கொண்டு போக வேண்டாம்.

கோப்பு கைமாறும்போது

கோப்பை அண்ணனுக்கு அனுப்பித்தான் ஆக வேண்டும் என்றால், படமாக அனுப்பாமல் ஆவணமாக அனுப்புங்கள். வாட்ஸ்அப்பில் இணைப்புக் குறியைத் தட்டினால் Document என்று ஒரு தேர்வு இருக்கும். அதன் வழியாகப் போகும் கோப்பு சுருக்கப்படாமல் அப்படியே சேரும். மின்னஞ்சலிலும் அனுப்பலாம்.

JPG என்று முடியும் படத்தின் பெயரை மாற்றி, கடைசியில் PDF என்று எழுதிவிட்டால் அது பி.டி.எஃப். ஆகிவிடாது. உள்ளே இருப்பது படம்தான். சில தளங்கள் அதை உடனே மறுக்கும். சில தளங்கள் பெயரை மட்டும் பார்த்து ஏற்றுக்கொள்ளும், பிறகு அதிகாரி திறக்கும்போது கோப்பு பழுதானது என்று வரும். பி.டி.எஃப். செயலியில் திறந்து பாருங்கள். திறந்தால் அது உண்மையான பி.டி.எஃப். கோப்பு. பெயரைச் சுருக்கமாக, இடைவெளியோ சிறப்புக் குறிகளோ இல்லாமல் sijil_spm.pdf என்பதுபோல் வையுங்கள். கடவுச்சொல் போட்டுப் பூட்ட வேண்டாம், அதிகாரியால் திறக்க முடியாது.

பதிவேற்றும் முன் ஒரு சோதனை

கோப்பு தயாரானதும் அதை மூடிவிட்டு, சேமித்த இடத்திலிருந்து மீண்டும் திறங்கள். முடிந்தால் வேறொரு கைப்பேசியில் திறங்கள். நிமிர்ந்து நிற்கிறதா, தலைகீழாகவோ பக்கவாட்டிலோ படுத்திருக்கிறதா என்று பாருங்கள். சில சமயம் நம் கைப்பேசியில் நேராகத் தெரியும் படம் மற்றவர் திரையில் படுத்துக் கிடக்கும். அப்படி இருந்தால் ஸ்கேன் செயலிக்குள்ளேயே சுழற்றி, மீண்டும் சேமிக்க வேண்டும்.

அடுத்து, வீட்டில் ஒருவர் மூலச் சான்றிதழைக் கையில் பிடித்துக்கொள்ளட்டும். நீங்கள் திரையைப் பார்த்து அடையாள அட்டை எண்ணை ஒவ்வோர் இலக்கமாக உரக்கப் படியுங்கள். பிறகு பெயரின் எழுத்துகள், சான்றிதழின் வரிசை எண், முத்திரைக்குள் உள்ள எழுத்துகள். மூலத்தில் என்ன இருக்கிறது என்பது உங்களுக்கு மனப்பாடமாக இருந்தால் கண் ஏமாற்றிவிடும், ஆகவே சான்றிதழுக்குச் சொந்தக்காரர் அல்லாத ஒருவர் படிப்பதே சரி. எங்காவது அவர் தயங்கினால், அதிகாரியும் அங்கேதான் தயங்குவார்.

மாணவியின் இரண்டாவது கோப்பு 430 கிலோபைட். முதலாவதைவிட இரண்டு மடங்குக்கு மேல் பெரியது, ஆனாலும் வரம்புக்குள் இருக்கிறது. பன்னிரண்டு இலக்கங்களையும் பக்கத்து வீட்டு அக்காள் ஒரே மூச்சில் படித்துவிட்டார். அதற்குப் பிறகுதான் பதிவேற்றும் பொத்தானை அழுத்த வேண்டும். இரண்டு கோப்புகளையும், பெரியதையும் சுருக்கியதையும், பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த தளம் 2 மெகாபைட் வரை அனுமதிக்கலாம். அங்கே சுருக்காத கோப்பையே கொடுத்துவிடலாம்.